நடுவானில் நின்ற சனி: கேந்திரப் புள்ளியில் அமைந்த கோளும் சாதகத்தின் முதன்மைத் தொனியும்

ஆய்வுச் சுருக்கம்

இலக்கினப் புள்ளியிலோ நடுவான் புள்ளியிலோ மிக நெருங்கி நிற்கும் கோள், சாதகம் முழுவதன் தொனியையும் தன்வயப்படுத்தும் என்பது மேலைச் சோதிட மரபின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. இக்கொள்கை எதனை அளக்கிறது, அவ்வளவு எங்கே பிழைபடும், அதனைப் புள்ளியியல் முறையில் சோதித்தவர்கள் கண்டது என்ன ஆகியவற்றை, பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத்தின் பிறப்புச் சாதகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அதே சாதகத்தை நிராயன இராசிக் கட்டமாகவும் பாவச் சக்கரமாகவும் அமைத்து நோக்கும்போது தோன்றும் முரணும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இலக்கினம், மத்திய இலக்கினம், கேந்திரம், பாவச் சக்கரம், சனி, கோக்லேன்.

இரு புள்ளிகள்

பிறப்பு நேரத்தில் கிழக்குத் தொடுவானமும் சூரிய வீதியும் வெட்டிக்கொள்ளும் இடம் இலக்கினப் புள்ளி. வட தென் திசைகளை இணைத்துத் தலைக்கு மேலாகச் செல்லும் நண்பகல் கோடும் சூரிய வீதியும் வெட்டிக்கொள்ளும் இடம் நடுவான் புள்ளி. சித்தாந்த நூல்கள் இதனை மத்திய இலக்கினம் என்று வழங்குகின்றன. 'உச்சி' என்ற சொல் இதற்குப் பொருத்தமாகத் தோன்றினும், கோள்களின் உச்சம், நீசம் என்ற வழக்கோடு குழம்பிவிடும். ஆகவே இக்கட்டுரையில் 'நடுவான்' என்ற சொல்லே ஆளப்படுகிறது.

இவ்விரண்டும் இராசிகளைப் போலப் பரப்புகள் அல்ல, புள்ளிகள். இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றினாலும் இப்பொருளின் சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. கேந்திரம் என்ற சொல் கிரேக்கத்தின் 'கென்ட்ரோன்' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் குத்துகோல், கூர்முனை. வராகமிகிரரின் பிருகத் சாதகத்தில் கேந்திரத்தோடு சேர்ந்து வரும் பணபரம், ஆபோக்கிலிமம் ஆகியனவும் கிரேக்கச் சொற்களின் திரிபுகளே. பணபரம் கூர்முனையை அடுத்து எழுவதையும், ஆபோக்கிலிமம் கூர்முனையிலிருந்து சரிந்து விலகுவதையும் குறித்தவை. சொல்லின் மூலப்பொருள் கூர்முனையாக இருக்க, இந்திய மரபின் நடைமுறையில் அது முப்பது பாகை கொண்ட இராசி முழுவதற்கும் பெயராயிற்று. முனை வீடாக விரிந்தது எனலாம். மேலை மரபிலோ, குறிப்பாக இருபதாம் நூற்றாண்டில், வீட்டைவிட முனையே முதன்மை பெற்றது.

தொனி என்பது யாது?

கேந்திரப் புள்ளியில் நிற்கும் கோளைச் சோதிடர் வலிமை மிக்க கோள் என்று மட்டும் கருதுவதில்லை. வலிமை வேறு, முதன்மை வேறு. உச்சம் பெற்ற கோள் தன் காரகத்துவங்களை நன்கு நிறைவேற்றும். ஆனால் அது மறைவிடத்தில் இருந்தால் அதன் செயல் வாழ்வின் ஒரு மூலையில் அடங்கிவிடும். புள்ளியை ஒட்டி நிற்கும் கோள், நன்மை செய்யினும் தீமை செய்யினும், பிற கோள்களின் பலன்களைப் படிக்கும் முறையையே மாற்றுகிறது. கச்சேரியில் சுருதி பாடலின் ஒரு பகுதியன்று. ஆயினும் ஒவ்வொரு சுரமும் அதனை வைத்தே அறியப்படுகிறது. கேந்திரப் புள்ளியில் நிற்கும் கோளுக்கு மேலை மரபு தரும் இடம் ஏறத்தாழ அத்தகையது.

இரு புள்ளிகளுக்கும் தொனி ஒன்றன்று. இலக்கினப் புள்ளியில் நிற்கும் கோள் உடலமைப்பு, நடையுடை, புதிய சூழலை ஒருவர் எதிர்கொள்ளும் விதம் ஆகியவற்றில் வெளிப்படும் என்பர். நடுவானில் நிற்கும் கோள் தொழிலிலும், ஊரார் அவரைக் காணும் தோற்றத்திலும் வெளிப்படும். சனியை எடுத்துக்கொண்டால், இலக்கினத்தில் அது ஒடுக்கமும் எச்சரிக்கையும் உடைய ஆளாகக் காட்டும். நடுவானில் அது பொறுப்பும் கடமையும் சுமத்தப்பட்ட ஆளாகக் காட்டும். முன்னது உடன் வாழ்வோர் அறிவது, பின்னது நேரில் காணாதவரும் அறிவது.

எவ்வளவு நெருங்கினால் 'ஒட்டி நிற்பது' ஆகும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் தெத்ராபிபிலோசில் ஆயுளைக் கணிக்கும் பகுதியில், இலக்கின இடத்தைத் தொடுவானத்துக்கு மேலே ஐந்து பாகையிலிருந்து தொடங்கிக் கணக்கிடுகிறார். அதாவது, ஏற்கெனவே உதித்து மேலேறிவிட்ட கோளும் ஐந்து பாகைக்குள் இருந்தால் இலக்கினத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். இக்காலச் சோதிடர் மூன்று பாகை என்பாரும் எட்டு, பத்து பாகை என்பாரும் உளர். இத்தாராளம் எத்தகைய விளைவைத் தரும் என்பது பின்னர்க் காட்டப்படும்.

ஒரு சாதகம்

இரண்டாம் எலிசபெத் 1926 ஏப்ரல் 21 அன்று அதிகாலை 2.40 மணிக்கு இலண்டன் மேஃபேர் பகுதியில் புரூட்டன் தெரு 17ஆம் எண் இல்லத்தில் பிறந்தார். அரச குடும்பப் பிறப்பாதலால் நேரம் பொதுவில் அறிவிக்கப்பட்டது. அப்போது பிரித்தானியாவில் கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தமையால், கணிதத்திற்குக் கொள்ளவேண்டிய கிரீன்விச் நேரம் 1.40 ஆகும்.

அன்று நள்ளிரவில் கிரீன்விச்சின் நட்சத்திர நேரம் 13 மணி 53 நிமிடம். அதனோடு பிறப்பு வரை கழிந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தை நட்சத்திர நேரமாக்கிக் கூட்டி, இலண்டனின் சிறிய நெடுங்கோட்டு வேறுபாட்டைக் கழித்தால் 15 மணி 33 நிமிடம் கிடைக்கும். இதற்குரிய நடுவான் புள்ளி, சாயன முறையில், விருச்சிகம் 25 பாகை 35 கலை. இலண்டனின் 51½ பாகை அகலாங்குக்கு இலக்கினப் புள்ளி மகரம் 21 பாகை 24 கலை. வக்கிரத்தில் இருந்த சனியின் நிலை விருச்சிகம் 24 பாகை 27 கலை. சனிக்கும் நடுவானுக்கும் இடையிலான தொலைவு ஒரு பாகைக்குச் சற்றே மிகுதி. எந்த அளவுகோலைக் கொண்டாலும் இது ஒட்டி நிற்பதே ஆகும்.

சனியின் பாகை நடுவானின் பாகையைவிடக் குறைவாக இருப்பதால், அது நண்பகல் கோட்டைச் சில நிமிடங்களுக்கு முன்பே கடந்துவிட்டது. வீட்டுப் பகுப்பைக் கண்டிப்பாகக் கொண்டால் சனி ஒன்பதாம் வீட்டில் இருக்கிறது. ஆயினும் மேலைச் சோதிடர் எவரும் இதனை ஒன்பதாம் வீட்டுச் சனியாகப் படிப்பதில்லை. புள்ளியின் நெருக்கம் வீட்டின் எல்லையை மீறுகிறது. தாலமியின் ஐந்து பாகை விதியும் இதே உள்ளுணர்விலிருந்து எழுந்ததே.

இச்சாதகத்தைப் படிக்கும் முறை சனியிலிருந்தே தொடங்குகிறது. சூரியன் இடபத்தின் தொடக்கத்தில் உள்ளது. சந்திரன் சிம்மத்தில் உள்ளது. சிம்மச் சந்திரனைத் தனியே படித்தால் அரங்கில் நிற்கும் விருப்பம், தன்னை வெளிக்காட்டும் ஆர்வம் என்று கூறுவர். நடுவான் சனியை முன்வைத்துப் படித்தால் அதே சந்திரன், அரங்கில் நிற்பதைக் கடமையாக ஏற்று உணர்ச்சியை உள்ளடக்கிய தோற்றமாக மாறுகிறது. கும்பத்தில் இணைந்து நிற்கும் செவ்வாயும் குருவும் தனியே பார்த்தால் துணிந்து புதியன செய்யும் வேகத்தைக் குறிக்கும். நடுவான் சனி அவ்விரண்டையும் தொண்ணூறு பாகைப் பார்வையால் தடுத்து நிறுத்துவதாகக் கொள்வர். எந்தக் கோளின் பலனும் நீக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் சனியின் வழியே கடந்து வருகிறது. தொனியை ஆளுதல் என்பது இதுவே.

1952 முதல் 2022 வரை எழுபது ஆண்டுகள் ஆட்சியில் இருந்தவர், சொந்தக் கருத்தைப் பொதுவில் வெளியிடாதவர் என்னும் வரலாற்றை அறிந்தபின் இப்படிப்பு மிகப் பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் இங்கே இரண்டு தயக்கங்கள் எழ வேண்டும். முதலாவது, படிப்பு முடிவை அறிந்தபின் எழுதப்பட்டது. பிறந்தபோது அவர் அரியணைக்கு உரியவராக எதிர்பார்க்கப்படவில்லை. 1936இல் அவருடைய பெரியப்பா எட்டாம் எட்வர்டு முடி துறந்த பின்னரே அந்நிலை உருவாயிற்று. இரண்டாவது, சனிக்கு இச்சாதகத்தில் முதன்மை தருவதற்கு நடுவான் மட்டுமே காரணம் அன்று. சாயன முறையில் மகர இலக்கினத்தின் அதிபதியும் சனியே. மேலும் சிம்மத்திலுள்ள நெப்டியூனும் கும்பத்திலுள்ள செவ்வாய், குருவும் எதிரெதிரே நிற்க, இரு பக்கத்திற்கும் செங்கோணத்தில் நிற்பது சனி. மூன்று காரணங்கள் ஒரே கோளில் குவிந்துள்ள ஒரு சாதகத்தைக் கொண்டு, அவற்றுள் ஒன்றின் ஆற்றலைத் தனித்து நிறுவ இயலாது. கேந்திரக் கோளின் மேலாண்மைக்குப் பாடநூற் சான்றாக இச்சாதகத்தைக் காட்டுவோர் இதனைக் கவனிப்பது அரிது.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. தொழிலைக் கூறும் இடத்தில் தாலமி நடுவான் கோளைக் கருதினும், தொழிலின் இயல்பைத் தரும் கோள்களாகப் புதன், சுக்கிரன், செவ்வாய் ஆகிய மூன்றையே கொள்கிறார். சனி அவற்றோடு சேர்ந்து சாயலைத் தருமேயன்றித் தானே தொழிலைத் தராது. 'நடுவானில் நின்ற எந்தக் கோளும் தொழிலை ஆளும்' என்ற இன்றைய பொதுவிதி பண்டைய மரபின் நேரடித் தொடர்ச்சி அன்று.

இராசிக் கட்டத்தில் அதே சனி

இச்சாதகத்தை நிராயன முறைக்கு மாற்றுவோம். 1926க்கு இலாகிரி அயனாம்சம் ஏறத்தாழ 22 பாகை 50 கலை. அதனைக் கழித்தால் இலக்கினம் தனுசு 28 பாகை 34 கலையிலும், நடுவான் விருச்சிகம் 2 பாகை 45 கலையிலும், சனி விருச்சிகம் 1 பாகை 37 கலையிலும் அமையும். கோள்களுக்கும் புள்ளிகளுக்கும் இடையிலான தொலைவு மாறவில்லை. ஆனால் கட்டம் வரைந்தால், தனுசு இலக்கினத்திற்கு விருச்சிகம் பன்னிரண்டாம் இடம். வானத்தின் நடுவில் நின்ற சனி, விரய வீட்டில் மறைந்த சனியாகிவிடுகிறது.

சட்பலக் கணக்கில் இம்முரண் எண்ணாகவே வெளிப்படும். கேந்திர பலத்தில் கேந்திர இராசியில் நிற்கும் கோளுக்கு 60, பணபரத்தில் 30, ஆபோக்கிலிமத்தில் 15 என்பது விதி. பன்னிரண்டாம் இடம் ஆபோக்கிலிமம். ஆகவே நண்பகல் கோட்டை ஒட்டி நின்ற கோள் பெறும் மதிப்பு 15, அதாவது மிகக் குறைந்தது.

இதற்குக் காரணம் அயனாம்சமன்று, அகலாங்கு. சாயன முறையிலும் மகரத்திற்கு விருச்சிகம் பதினோராம் இடமே, பத்தாமிடமன்று. நடுவானுக்கும் இலக்கினத்திற்கும் இடையிலான வில் எங்கும் தொண்ணூறு பாகையாக இருப்பதில்லை. சென்னையின் 13 பாகை அகலாங்கில் அது நாளின் வெவ்வேறு நேரங்களில் ஏறத்தாழ 80 முதல் 100 பாகை வரை மாறும். இலண்டனிலோ 54 முதல் 126 வரை மாறும். எலிசபெத்தின் சாதகத்தில் அது 56 பாகை, அதாவது சிறுமைக்கு மிக அருகில். தென்னகத்தில் இலக்கினத்திலிருந்து எண்ணிய பத்தாம் இராசி பெரும்பாலும் நடுவானைத் தன்னுள் கொண்டிருக்கும், அல்லது அதனை அடுத்திருக்கும். எனவே இராசிக் கட்டத்தைக் கொண்டு பத்தாமிடத்தைக் கூறும் வழக்கம் இங்குப் பெரும் பிழை தராது. அவ்வழக்கத்தை ஐரோப்பாவில் பிறந்தவர்க்கு அப்படியே பொருத்தும்போதுதான் இரண்டு இராசி அளவுக்கு வேறுபாடு தோன்றுகிறது. தனுசுக்குப் பத்தாமிடமான கன்னி, உண்மையான நடுவானிலிருந்து அவ்வளவு விலகி நிற்கிறது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளுக்குச் சாதகம் கணிப்பது தமிழ்க் குடும்பங்களில் பெருகிவரும் இக்காலத்தில் இது ஏட்டளவான சிக்கல் மட்டுமன்று.

இந்திய மரபு இதனை அறியாததன்று. சிரீபதி முறையில் பாவச் சக்கரம் அமைக்கும்போது, இலக்கினப் புள்ளி முதல் பாவத்தின் நடுவாகவும் மத்திய இலக்கினம் பத்தாம் பாவத்தின் நடுவாகவும் கொள்ளப்படும். இடைப்பட்ட வில்லை மூன்றாகப் பகுத்து மற்றப் பாவங்கள் பெறப்படும். இச்சாதகத்தில் பத்தாம் பாவம் துலாம் 12 பாகையிலிருந்து விருச்சிகம் 12 பாகை வரை அமைகிறது. சனி அதன் நடுவை ஒட்டி நிற்கிறது. பாவ நடுவில் நின்ற கோள் பாவ பலனை முழுமையாகத் தரும், சந்தியில் நின்ற கோள் தராது என்ற விதியும், மேலை மரபின் புள்ளி நெருக்கக் கொள்கையும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். சாதகக் குறிப்புகளில் இராசிக் கட்டத்திற்கும் நவாம்சத்திற்கும் தரப்படும் கவனம் பாவச் சக்கரத்திற்குத் தரப்படாமையால், இவ்வொற்றுமை கண்ணில் படாமல் போகிறது.

ஒற்றுமையோடு ஓர் அடிப்படை வேற்றுமையும் உண்டு. மேலை மரபில் எந்தக் கோளும் எந்தப் புள்ளியிலும் முதன்மை பெறும். இந்தியத் திக்பலக் கொள்கையோ எந்தக் கோள், எந்தத் திசை என்று கேட்கிறது. புதனுக்கும் குருவுக்கும் இலக்கினம், சூரியனுக்கும் செவ்வாய்க்கும் பத்தாமிடம், சனிக்கு ஏழாமிடம், சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் நான்காமிடம் எனத் திசைகள் வகுக்கப்பட்டுள்ளன. சனி ஏழாம் பாவ நடுவில் முழு பலமும், இலக்கின நடுவில் சுழியும் பெறும். இச்சாதகத்தில் இலக்கினப் புள்ளியிலிருந்து சனியின் தொலைவு 57 பாகை. அதனை மூன்றால் வகுத்தால் திக்பலம் அறுபதுக்கு 19. மேலைச் சோதிடருக்குச் சாதகத்தின் தலைமைக் கோளாகத் தோன்றும் சனி, இக்கணக்கில் மூன்றில் ஒரு பங்கு திசை வலிமையே உடையது.

நான்கு நிமிடம்

புள்ளியை நம்பும் எந்தக் கொள்கையும் கடிகாரத்தை நம்பியே ஆகவேண்டும். நடுவான் புள்ளி ஏறத்தாழ நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை நகரும். இலக்கினப் புள்ளி அகலாங்கையும் உதிக்கும் இராசியையும் பொறுத்து விரைந்தோ மெதுவாகவோ நகரும். எலிசபெத் பிறந்த வேளையில் இலண்டனில் அது நான்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1.25 பாகை நகர்ந்தது.

இதன் விளைவை இச்சாதகத்திலேயே காணலாம். நிராயன இலக்கினம் தனுசு முடிவதற்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைவாகவே மீதமிருந்தது. குழந்தை ஐந்து நிமிடம் பிந்திப் பிறந்திருந்தால் இலக்கினம் மகரமாகும். சனி பன்னிரண்டாமிடத்திலிருந்து பதினோராமிடத்திற்கு வரும். அதுவே இலக்கினாதிபதியும் ஆகும். கட்டத்தில் எல்லாம் மாறிவிடும். ஆனால் வானத்தில் நிகழ்ந்திருப்பது, சனி நடுவானிலிருந்து இன்னும் ஒரு பாகையளவு விலகியதே. அறிவிக்கப்பட்ட 2.40 என்பது ஐந்து அல்லது பத்து நிமிடத்திற்கு முழுமையாக்கப்பட்ட எண்ணாகவும் இருக்கலாம் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். புள்ளி நெருக்கம் ஐந்து நிமிடப் பிழையைத் தாங்குகிறது, இராசி எல்லை தாங்கவில்லை.

ஆனால் ஒரு மணி நேரப் பிழையை எதுவும் தாங்காது. கோடைக்கால நேரத்தை மறந்து 2.40 என்பதையே கிரீன்விச் நேரமாகக் கொண்டால், சாயன நடுவான் தனுசு 10 பாகைக்குச் சென்றுவிடும். சனி அதிலிருந்து பதினைந்து பாகைக்கு மேல் விலகி, எவ்விதச் சிறப்பும் அற்றதாகிவிடும். கோடைக்கால நேரம் பின்பற்றப்படும் நாடுகளின் சாதகங்களில் நேரும் பொதுவான பிழை இதுவே. கேந்திரப் புள்ளியில் ஒரு கோள் இருப்பதாகக் கூறும் எந்தச் சாதகத்திலும் முதலில் சரிபார்க்க வேண்டியது, குறிக்கப்பட்ட நேரம் எந்த நேர முறையைச் சார்ந்தது என்பதே.

எத்தனை சாதகங்களில் இவ்வமைப்பு உண்டு?

ஒரு கோள் இலக்கினப் புள்ளிக்கு இருபுறமும் எட்டு பாகைக்குள் இருந்தால் ஒட்டி நிற்பதாகக் கொள்வோம். அவ்வாறே நடுவானுக்கும். இரண்டும் சேர்ந்து 360 பாகையில் 32 பாகையை அடைக்கின்றன. ஒரு குறிப்பிட்ட கோள் அதற்குள் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு. மேலைச் சோதிடர் கொள்ளும் பத்துக் கோள்களுள் ஏதேனும் ஒன்று விழும் வாய்ப்போ ஏறத்தாழ 61 விழுக்காடு. புதனும் சுக்கிரனும் சூரியனை விட்டு அதிகம் விலகாமையால் இக்கணக்கு தோராயமானதே, எனினும் அளவு புலப்படும். பத்துப் பேரில் ஆறு பேருக்கு உள்ள அமைப்பைச் சிறப்பமைப்பு என்று கூறுவது கடினம். கீழ்வானையும் மேற்குத் தொடுவானையும் சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ எல்லோர்க்கும் அது அமைந்துவிடும்.

எல்லையை மூன்று பாகையாகக் குறைத்தால் வாய்ப்பு 29 விழுக்காடாகவும், ஒரு பாகையாகக் குறைத்தால் 11 விழுக்காடாகவும் இறங்கும். எலிசபெத்தின் சனி போன்ற நெருக்கம் ஒப்பீட்டளவில் அரிது. ஆனால் அன்று அதே சில நிமிடங்களில் இலண்டனில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அதே சனி நடுவானில் நின்றது. அவர்களுடைய வாழ்வைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. புகழ்பெற்றவரின் சாதகத்தை மட்டும் எடுத்துப் பொருத்திக் காட்டும் முறையின் குறை இங்கேதான் உள்ளது.

கோக்லேனின் சோதனை

இக்குறையை நீக்க முயன்றவர் பிரெஞ்சு உளவியலாளர் மிசேல் கோக்லேன் (1928–1991). பிரான்சின் பிறப்புப் பதிவேடுகளில் பிறந்த நேரமும் குறிக்கப்படுவது அவருக்கு வாய்ப்பாயிற்று. மருத்துவக் கழக உறுப்பினர் 576 பேரின் பிறப்பு நேரங்களைத் தொகுத்தபோது, செவ்வாயும் சனியும் உதயத்தையும் நடுவானையும் அடுத்த பகுதிகளில் எதிர்பார்ப்பைவிட மிகுதியாக நின்றதைக் கண்டார். 1955இல் வெளியான தம் முதல் நூலில் இதனையும் விளையாட்டு வீரர்கள் முதலிய பிற துறையினர் பற்றிய முடிவுகளையும் வெளியிட்டார். கோளின் ஒருநாள் பயணத்தைப் பன்னிரண்டு பகுதிகளாக அவர் வகுத்தார். உதயத்தை அடுத்த முதற்பகுதி, நடுவானை அடுத்த நான்காம் பகுதி ஆகிய இரண்டிலும் செவ்வாய் நிற்கும் இயல்பான வாய்ப்பு ஏறத்தாழ 17 விழுக்காடு. அவர் பின்னர்த் தொகுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களிடம் அது ஏறத்தாழ 22 விழுக்காடாக இருந்தது. விஞ்ஞானிகளுக்குச் சனியும், நடிகர்களுக்கு வியாழனும், எழுத்தாளர்களுக்குச் சந்திரனும் அவ்வாறே மிகுந்தன என்றார். சூரியன் நின்ற இராசியால் எப்பயனும் இல்லை என்பதையும் அவரே காட்டினார். சோதிடர்கள் இப்பகுதியை மேற்கோள் காட்டுவதில்லை.

இம்முடிவில் சோதிட மரபிற்கு ஒரு பெரும் சங்கடம் உண்டு. உதயத்தை அடுத்து மேலேறிய பகுதி பன்னிரண்டாம் வீடு. நடுவானைக் கடந்து சாய்ந்த பகுதி ஒன்பதாம் வீடு. மரபு இவ்விரண்டையும் ஆபோக்கிலிமம் என்று வலிமை குறைந்தவற்றுள் வைத்தது. கோக்லேனின் கோள்கள் கூர்முனையில் நிற்கவில்லை, கூர்முனையைக் கடந்து சரிந்த இடத்தில் நின்றன. எலிசபெத்தின் சனியும் நடுவானைச் சற்றே கடந்ததாதலால் கோக்லேனின் நான்காம் பகுதியில்தான் இருக்கிறது. அவர் பட்டியலின்படி அது ஆய்வுக்கூடத்திற்கு உரிய சனி, அரண்மனைக்கு உரியதன்று.

இம்முடிவுகள் நாற்பது ஆண்டுகள் வழக்காடப்பட்டன. பெல்கியக் குழு ஒன்று 535 வீரர்களைக் கொண்டு சோதித்தபோது கோக்லேனின் அளவையே பெற்றது. ஆயினும் எதிர்பார்ப்பு விழுக்காட்டைக் கணித்த முறையை அது ஐயுற்றது. அமெரிக்க வீரர்களைக் கொண்டு அங்குள்ள ஐயுறவாளர்கள் நடத்திய சோதனையில் விளைவு தோன்றவில்லை. பிரெஞ்சுக் குழு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட முடிவும் செவ்வாய் விளைவை மறுத்தது. செருமானிய உளவியலாளர் சூட்பெர்ட் எர்ட்டல், புகழ் மிகுந்தோரிடமே விளைவும் மிகுகிறது என்று வாதிட்டார். சர்ச்சையின் மையம் வானத்தில் இல்லை. எவரைப் புகழ்பெற்ற வீரராகக் கொள்வது, எவரை விடுப்பது என்ற பட்டியல் தெரிவில் இருந்தது. கோக்லேன் தாமே பட்டியலை விரித்தும் சுருக்கியும் வந்தார் என்பது எதிர்ப்பாளரின் முதன்மைக் குற்றச்சாட்டு.

இச்சர்ச்சையில் ஆத்திரேலிய ஆய்வாளர் சியாஃப்ரி டீன் முன்வைத்த விளக்கம் தனித்துக் கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறப்பை அலுவலகத்தில் பதிவு செய்தவர் பெற்றோரோ உறவினரோ ஆவர். கோள்களின் உதயமும் நடுவானும் குறிக்கப்பட்ட பஞ்சாங்கங்கள் அவர்கள் கைக்கு எட்டியவை. நல்ல கோள் எழும் வேளையில் குழந்தை பிறந்ததாகப் பதிய, நேரத்தைச் சிறிது முன்பின்னாகக் கூறியிருந்தால் போதும், கோக்லேன் கண்ட அளவுக்கான மிகுதி தோன்றிவிடும் என்பது அவர் வாதம். பிறந்த நேரத்தை மருத்துவமனையே குறிக்கத் தொடங்கியதற்குப் பிந்திய, அதாவது 1950ஐ அடுத்த பிறப்புகளில் விளைவு மறைந்தது என்று கோக்லேனே பதிவு செய்துள்ளார். மருந்து கொடுத்துப் பிறப்பைத் தூண்டும் வழக்கம் பெருகியதே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். ஒரே தரவிற்கு இவ்விரு விளக்கங்களும் பொருந்துகின்றன. எது சரி என்பதைத் தீர்மானிக்க, தூண்டப்படாத பிறப்பும் மருத்துவமனை குறித்த நேரமும் ஒருங்கே அமைந்த பதிவுகள் தேவை. எலிசபெத்தின் பிறப்பு அவற்றுள் சேராது, ஏனெனில் அது அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தது. சனி நண்பகல் கோட்டைக் கடந்த அந்தச் சில நிமிடங்களைத் தேர்ந்தது மருத்துவரின் கத்தியே.